பாலக்காட்டில் நாலு பவன், ஒரு பெண் பார்க்கும் படலம்

கொடுவாயூர் அக்கா — 12 பிப்ரவரி 2024, காலை 7.40

பாலக்காட்டுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. ஒரே ஓட்டலுக்கு ஊருக்குள் நாலு கிளை இருந்து, நாலுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர் என்றால், வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சரியான கிளைக்கு வரவைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நேற்று என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். நாங்கள் ஒரு கிளையில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் மூன்றாகப் பிரிந்து மற்ற மூன்று கிளைகளிலும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டல் பெயரைச் சொல்லமாட்டேன். சம்பந்தம் கூடினால் அங்கேயே இன்னும் நாலு முறை சாப்பிட வேண்டிவரும். பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுவாயூர் அக்கா — 12 பிப்ரவரி, காலை 8.15

விவரமாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிளைகள் இவை. ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'பவன் ஸ்டேடியம்'. அங்கிருந்து கல்மண்டபம் பக்கம் போகும் ஸ்டேடியம் பைபாஸ் ரோட்டில் 'பவன் ஸ்டேடியம் பைபாஸ்'. சந்திராநகரில், கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் 'பவன் பைபாஸ்'. ஒலவக்கோட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'பவன் ஜங்ஷன்'.

நான் மேசை சொல்லி வைத்தது இரண்டாவதில், மாடியில், பதினாலு பேருக்கு. குழுவில் போட்டது ஒரே வரி: "பவன், ஸ்டேடியம் பைபாஸ், 11 மணி". இதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உள்ள பெயரைத்தானே எழுதினேன்?

ஜிபிஎஸ் மாமா — 12 பிப்ரவரி, காலை 9.02

தப்பு உங்கள் மேல்தான் அம்மா. மேப்பைப் போட்டால் முடிந்தது. இந்தக் காலத்தில் யார் பெயரை எழுதி அனுப்புகிறார்கள்?

கொடுவாயூர் அக்கா — 12 பிப்ரவரி, காலை 9.10

மேப் போட்டுத்தான் மாமா எல்லாரும் வழி தவறினார்கள். ஒவ்வொருவராக விசாரித்துவிட்டுச் சாயங்காலம் எழுதுகிறேன். இப்போது பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

கொடுவாயூர் அக்கா — 12 பிப்ரவரி, மாலை 6.50

விசாரித்தேன். ஒவ்வொருவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. எரிச்சல் அதில்தான்.

மாப்பிள்ளையும் அப்பா அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தார்கள். வாளையாறு தாண்டி, கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி மேப்பில் 'பவன் பைபாஸ்' என்று தட்டியிருக்கிறார்கள். முதலில் வந்தது சந்திராநகர். போகிற வழியிலேயே இருக்கிறது, பெயரும் பைபாஸ். அப்புறம் ஏன் சந்தேகம் வரப்போகிறது?

சித்தப்பா பொள்ளாச்சியிலிருந்து பஸ். கொழிஞ்சாம்பாறை வழியாக வந்து ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கினார். எதிரே பார்த்தால் பவன். 'ஸ்டேடியம்' என்று பலகையே சொல்கிறது. உள்ளே போய், பெரிய கூட்டமாக உட்கார்ந்திருந்த வேறொரு குடும்பத்தின் மேசையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டார். "மாப்பிள்ளை இன்னும் வரலையா?" என்று அவர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் காதுகுத்துக்கு வந்தவர்கள்.

அத்தை திருப்பூரிலிருந்து ரயிலில் வந்து பாலக்காடு ஜங்ஷனில் இறங்கினார். போனில் 'பவன்' என்று மட்டும் தட்டினாராம். முந்நூறு மீட்டரில் காட்டியது. நடந்தே போய்விட்டார்.

நாங்கள் பதினொன்றேகாலுக்கு ரசவடை சொன்னோம். தங்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள், பதற்றத்தில்.

கல்லாப்பெட்டி — 12 பிப்ரவரி, இரவு 8.30

பதினாறு வருடம் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்தவன் நான், அதில் ஆறு வருடம் இதுபோல் பல கிளை உள்ள கடையில். உங்கள் கதையில் மேப் பொய் சொல்லவில்லை. நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு ஊரிலேயே பொருத்தமான கடை எது என்று மட்டும் அது பார்ப்பதில்லை. நீங்கள் நிற்கிற இடத்துக்கும், அந்த நேரத்தில் திரையில் தெரிகிற பகுதிக்கும் பக்கத்தில் உள்ளதைத்தான் பெரும்பாலும் தூக்கி மேலே வைக்கிறது. அதனால்தான் மேப்பில் தட்டிய இரண்டு பேருக்கு இரண்டு பதில். மூவரும் கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் உட்கார்ந்து தட்டியிருந்தால் அநேகமாக ஒரே கடைக்குப் போயிருப்பார்கள். அது உங்கள் கடையாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பாலக்காட்டில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே 'பைபாஸ்' என்றால் இரண்டு சாலை. ஊருக்குள் இருக்கிறவனுக்கு ஸ்டேடியம் பைபாஸ். லாரிக்காரனுக்கும் கோயம்புத்தூர்க்காரனுக்கும் நெடுஞ்சாலை. 'ஜங்ஷன்' அதைவிட மோசம். நாலு ரோடு சேர்ந்தால் நமக்கு ஜங்ஷன், ரயில்வேக்கு பாலக்காடு ஜங்ஷன் என்பது ஒலவக்கோடு. நீங்கள் எழுதிய வரியில் ஊர்க்காரருக்குக் குழப்பம் இல்லை. வெளியூர்க்காரர் 'ஸ்டேடியம் பைபாஸ்' என்பதை ஒரே சொல்லாகப் படிக்கமாட்டார். ஒருவர் ஸ்டேடியத்தைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் பைபாஸைப் பிடித்துக்கொண்டார்.

கொடுவாயூர் அக்கா — 12 பிப்ரவரி, இரவு 8.44

அட, ஆமாம். பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆந்திரா சித்தூர் — 12 பிப்ரவரி, இரவு 9.20

வணக்கம். சித்தூரில் பவன் எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு பக்கமா, பெங்களூர் ரோடா? நான் முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், கேள்விப்பட்டதே இல்லை.

கல்லாப்பெட்டி — 12 பிப்ரவரி, இரவு 9.31

ஐயா, இந்த இழையில் யாரும் சித்தூர் என்று எழுதவில்லையே.

ஆந்திரா சித்தூர் — 12 பிப்ரவரி, இரவு 9.36

இழையின் குறிச்சொல்லில் 'சித்தூர் தாலுகா' என்று இருந்தது. அதைப் பார்த்து வந்தேன்.

கொடுவாயூர் அக்கா — 12 பிப்ரவரி, இரவு 9.40

அது எங்கள் சித்தூர், பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். கொடுவாயூர் அந்தத் தாலுகாவில் இருப்பதால் போட்டேன். மன்னியுங்கள். ஒரே பெயர்க் குழப்பத்தைப் பற்றிய இழையிலேயே இப்படி நடக்கிறது.

ஆந்திரா சித்தூர் — 12 பிப்ரவரி, இரவு 9.52

பரவாயில்லை, வந்தது வந்துவிட்டேன். எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு மாதிரி. திருப்பதிக்குப் போகிறவர்கள் "திருப்பதியில் அந்த ஓட்டலில் பார்ப்போம்" என்பார்கள். ஒருவர் கீழே ரயில் நிலையத்துப் பக்கம் நிற்பார், இன்னொருவர் மலைமேல் திருமலையில் நிற்பார். இரண்டையும் திருப்பதி என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நடுவில் இருபது கிலோமீட்டர் மலைப்பாதை. என் மச்சான் ஒருமுறை அப்படி மேலேயே இருந்துவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு இறங்கி வந்தார். உங்களுக்கு நாலைந்து கிலோமீட்டரோடு போயிற்று.

ஜிபிஎஸ் மாமா — 13 பிப்ரவரி, காலை 6.30

இதற்கெல்லாம் சுலபமான வழி ஒன்று உண்டு. பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எண். முன்பு போனபோது வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு எண்ணை ஒப்பிட்டால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். நான் எல்லா பில்லையும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கல்லாப்பெட்டி — 13 பிப்ரவரி, மதியம் 2.15

மாமா, பில்லைப் பார்க்கச் சொன்னது சரி, பார்க்கச் சொன்ன எண்தான் தப்பு. ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு ஒன்று. ஒரே முதலாளிக்குப் பாலக்காட்டில் நாலு கிளை, திருச்சூரில் ரெண்டு இருந்தாலும் பொதுவாக ஆறு பில்லிலும் ஒரே எண்தான் அச்சாகும். இப்படி இருக்கும்:

```
32AAAAA0000A1Z5
```

இது மாதிரிக்குப் போட்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 32 கேரளம், 33 தமிழ்நாடு, 37 ஆந்திரா. அடுத்த பத்து முதலாளியின் பான் எண். அதற்கடுத்த 1, அதே பானில் அந்த மாநிலத்தில் எடுத்த முதல் பதிவு என்பதற்கு. சிலர் ஒரே மாநிலத்தில் ரெண்டு பதிவு எடுப்பார்கள், அப்போது அந்த இடத்தில் 2 வரும். அது அபூர்வம்.

ஆகவே இந்த எண் கிளையைச் சொல்லாது, முதலாளி யார் என்பதைச் சொல்லும். அதுவும் உபயோகமானதுதான். கல்மண்டபத்தில் 'நியூ பவன்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் பில்லைப் பாருங்கள். நடுவில் உள்ள பத்தில் ஒன்று வேறாக இருந்தாலும், அது வேறு ஆள் நடத்துகிற கடை. பெயரை வாடகைக்கு வாங்கியிருக்கலாம், அல்லது பெயர் மட்டும் ஒன்றாக இருக்கலாம். எதுவானாலும், இங்கே கொடுத்த முன்பணத்தை அங்கே கேட்க முடியாது.

கொடுவாயூர் அக்கா — 13 பிப்ரவரி, மதியம் 2.40

முன்பணம் என்றதும் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு கூத்து. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ராத்திரி எழுதுகிறேன்.

டெலிவரி — 13 பிப்ரவரி, மாலை 4.05

நான் பார்சல் ஓட்டுகிறேன், பாலக்காட்டில் மூன்று வருடம். பவன் ஆர்டர் வந்தால் பெயரைப் பார்க்கவே மாட்டேன். ஆப்பில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் முகவரி வரும், அதைத்தான் பார்ப்பேன். ஸ்டேடியத்துக்கும் ஸ்டேடியம் பைபாஸுக்கும் ஆப்பில் படம் ஒன்று, மெனு ஒன்று, விலையும் ஒன்று. புதுப் பையன்கள் முதல் வாரத்தில் கட்டாயம் ஒரு தடவையாவது மாற்றி நிற்பார்கள். கவுண்டரில் ஆர்டர் நம்பரைச் சொன்னால் "இவிட இல்லல்லோ" என்பார்கள். அப்போது அடுத்த கிளைக்கு ஓட வேண்டும்.

டெலிவரி — 13 பிப்ரவரி, மாலை 4.11

இன்னொன்று. ஆட்டோவில் ஏறி பவன் என்றால் அண்ணன்மார் "பழயதோ புதியதோ" என்று கேட்பார்கள். பழையது என்றால் ஸ்டேடியம். புதியது என்றால் யாரைக் கேட்கிறோமோ அதைப் பொறுத்தது. ஸ்டாண்டு ஆட்டோவுக்குப் புதியது ஸ்டேடியம் பைபாஸ். ஒலவக்கோட்டு ஆட்டோவுக்குப் புதியது அவர்கள் பக்கத்தில் இருக்கும் ஜங்ஷன்.

கொடுவாயூர் அக்கா — 13 பிப்ரவரி, இரவு 9.30

சரி, முன்பணக் கதை.

மேசை சொல்லும்போது இரண்டாயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். நேரில் போக முடியவில்லை. என் கணவருடைய நண்பர் ஒருவர் பவனில் எடுத்த க்யூஆர் படம் வைத்திருந்தார், அதை வாட்ஸாப்பில் வாங்கி ஸ்கேன் செய்தேன். திரையில் நிறுவனத்தின் பெயர் சரியாக வந்தது. அழுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து பில் கேட்டால் முன்பணம் கழிக்கவில்லை. "இங்கே வரவில்லையே" என்கிறார் மேலாளர். நான் போனைக் காட்டுகிறேன். அவர் தன் திரையைக் காட்டுகிறார். மாப்பிள்ளையின் அப்பா நானே கொடுக்கிறேன் என்று பர்ஸை எடுக்கிறார், எங்கள் அப்பா அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். அந்தக் காட்சியை எழுதவே பிடிக்கவில்லை.

பணம் போனது ஸ்டேடியம் கிளைக்கு. நண்பர் படம் எடுத்தது அங்கே. மேலாளர் நல்ல மனிதர், அந்தக் கிளைக்குப் போன் செய்து, என் போனிலிருந்த பன்னிரண்டு இலக்க எண்ணைப் படித்து, அவர்கள் தேடி எடுத்து உறுதி சொல்ல முக்கால் மணி நேரம். அப்புறம் கழித்துக்கொண்டார்கள்.

கல்லாப்பெட்டி — 13 பிப்ரவரி, இரவு 10.05

ஒரே முதலாளியாக இருந்ததால் தப்பித்தீர்கள். கல்மண்டபத்துக்குப் போயிருந்தால் அந்தப் பணம் அந்த மனிதரின் நல்ல மனசைப் பொறுத்தது.

ஸ்கேன் செய்தால் வருவது நிறுவனத்தின் பெயர். அது நாலு கிளைக்கும் ஒன்றாக இருக்கலாம். அதற்குக் கீழே @ போட்டு ஒரு முகவரி வரும், அது கவுண்டருக்குக் கவுண்டர் மாறும். ஆனால் அதைப் பார்த்து எந்தக் கிளை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது, வெறும் எண்களாக இருக்கும். ஒரு ரூபாய் அனுப்பிவிட்டு, மேசை சொன்ன கிளைக்குப் போன் போட்டு "வந்ததா" என்று கேளுங்கள். அவர்கள் கவுண்டரில் இருக்கிற பெட்டி அந்த ஒரு ரூபாயைக் கத்தும். கத்தியது என்று அவர் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள். கேட்க அற்பமாக இருக்கும். நான் கல்லாவில் இருந்தபோது கல்யாண ஆர்டர்க்காரர்களிடம் நானே இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஜிபிஎஸ் மாமா — 14 பிப்ரவரி, காலை 6.10

ஜிஎஸ்டி பற்றி நேற்று நான் சொன்னது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். பவன் பில் பதினொன்று இருக்கிறது. பதினொன்றிலும் ஒரே எண். கல்லாப்பெட்டி சொன்னது சரி. அப்படியானால் கிளையைக் காட்டுகிற எண் ஒன்றுமே இல்லையா?

கல்லாப்பெட்டி — 14 பிப்ரவரி, மதியம் 3.00

இருக்கிறது. அதே பில்லில், மேலேயோ கீழேயோ FSSAI என்று போட்டு பதினாலு இலக்கம் இருக்கும். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அது கட்டாயம். உணவு உரிமம் முதலாளிக்கு இல்லை, இடத்துக்கு. கடை இருக்கிற கட்டடம் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம், தனி எண். நாலு பவனுக்கு நாலு எண்.

உங்கள் டப்பாவில் உள்ள பில்களை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள். கேரளத்து ஓட்டல் என்றால் பெரும்பாலும் 113 என்று தொடங்கும். 1 என்பது உரிமம் (சின்னக் கடைகளுக்கு உரிமம் இல்லை, பதிவுதான், அது 2 என்று தொடங்கும்). 13 கேரளம். அடுத்த இரண்டு இலக்கம் உரிமம் வாங்கிய வருடம். வருடம் கடந்து வரும் எண்தான் கிளைக்குக் கிளை மாறுவது.

ஜிபிஎஸ் மாமா — 14 பிப்ரவரி, மாலை 5.45

பார்த்தேன்! பதினொரு பில்லில் மூன்று விதமான எண். ஏழு பில் ஒரே எண், 16 என்று இருக்கிறது. அது ஸ்டேடியம், அங்கேதான் அடிக்கடி போவேன். மூன்றில் 21. ஒன்றில் 22. அப்போது 22 வந்ததுதான் கடைசியாகத் திறந்த கிளை. ஒலவக்கோடா?

கல்லாப்பெட்டி — 14 பிப்ரவரி, மாலை 6.20

அவசரப்படாதீர்கள். அது கடை திறந்த வருடம் இல்லை, அந்த உரிமம் எடுத்த வருடம். கடையை எதிர்ச்சாரிக்கு மாற்றினாலும், முதலாளி மாறினாலும் புது உரிமம் எடுப்பார்கள், வருடமும் மாறிவிடும். எண்ணை வைத்து வயதை எண்ணாதீர்கள். 'இது அதுவா இல்லையா' என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் எந்தக் கிளை என்பதற்கு அதே பில்லின் தலைப்பில் உள்ள முகவரியைப் படிக்க வேண்டும். பின்கோடு இருந்தால் இன்னும் நல்லது. சந்திராநகர் 678007, ஒலவக்கோடு 678002.

ஜிபிஎஸ் மாமா — 14 பிப்ரவரி, மாலை 6.34

22 இருக்கும் பில்லில் 678007. சந்திராநகர். சரி, தோற்றேன்.

கொடுவாயூர் அக்கா — 15 பிப்ரவரி, காலை 7.25

எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் பழைய பில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் சரி. நான் போகாத கிளையின் உரிம எண் எனக்கு எப்படிக் கிடைக்கும்?

டெலிவரி — 15 பிப்ரவரி, காலை 11.50

ஆப்பில் அந்தக் கிளையைத் திறந்து அடியில் தள்ளிக்கொண்டே போங்கள் அக்கா. மெனுவெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் முகவரியும் அந்தப் பதினாலு இலக்கமும் இருக்கும். ஆர்டர் போட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் முகவரிக்கு எட்டாத கிளையை ஆப் காட்டாது. கொடுவாயூரிலிருந்து பார்த்தால் ஒன்றுமே வராது. முகவரியைத் தற்காலிகமாகப் பாலக்காட்டு டவுனுக்கு மாற்றிப் பாருங்கள்.

கல்லாப்பெட்டி — 15 பிப்ரவரி, மதியம் 1.30

மேப்பில் அந்தக் கடையின் படங்களையும் பாருங்கள். சாப்பாட்டுப் படங்களுக்கு நடுவில் யாராவது பில்லை எடுத்துப் போட்டிருப்பார்கள், விலை அதிகம் என்று திட்டுவதற்காக. அந்தத் திட்டு நமக்கு லாபம். பெரிதாக்கினால் முகவரி, எண், தேதி எல்லாம் தெரியும். தேதி முக்கியம். இடம் மாறிப்போன கடையின் பழைய குறி மேப்பில் அப்படியே கிடக்கும், அதில் படங்கள் எல்லாம் ஒரு வருடத்தோடு நின்றிருக்கும்.

கொடுவாயூர் அக்கா — 15 பிப்ரவரி, இரவு 8.50

செய்து பார்த்தேன். முதலில் மேப்பைப் பாலக்காட்டு டவுன் முழுக்கத் தெரிகிற அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, பிறகு பவன் என்று தட்டி, 'இந்தப் பகுதியில் தேடு' என்பதை அழுத்தினேன். ஆறு குறிகள் விழுந்தன. ஆறு! நாலு கிளை, கல்மண்டபத்து நியூ பவன் ஒன்று, அப்புறம் ஸ்டேடியம் பைபாஸ் ரோட்டிலேயே இன்னொன்று. எங்கள் மேசை இருந்த இடத்திலிருந்து ஒரு சின்ன நடை தூரத்தில் அதே பெயரில் ஒரு குறி. அங்கே கடையே கிடையாது, கண்ணாடிக் கடைதான் இருக்கிறது. கடைசிப் படம் 2019.

அதாவது அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் சரியான பெயரைத் தட்டியிருந்தாலும், அதில் ஒருவராவது கண்ணாடிக் கடை வாசலில் நின்றிருப்பார்.

டெலிவரி — 15 பிப்ரவரி, இரவு 9.15

அது எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக் கடைச் சேட்டனுக்கு பவன் என்றாலே கோபம் வரும்.

கொடுவாயூர் அக்கா — 17 பிப்ரவரி, காலை 10.20

மாப்பிள்ளை வீட்டில் பிடித்துவிட்டதாம். நேற்று போன் வந்தது. அடுத்த ஞாயிறு பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார்கள். அதே பவன், அதே மாடி. இந்த முறை மேப்பில் சரியான கிளையைத் திறந்து, முகவரியை மேலாளரிடம் போனில் படித்துக் காட்டி, 'பகிர்' அழுத்தி வந்த `maps.app.goo.gl` இணைப்பைக் குழுவில் போட்டுவிட்டேன். எழுத்தில் ஒரு வரியும் எழுதவில்லை, மறுபடி பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

கல்லாப்பெட்டி — 17 பிப்ரவரி, மதியம் 12.10

ஒரு வரி எழுதுங்கள். "கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பவன் அல்ல" என்று. எது இல்லை என்று சொல்வதும் வேண்டும். காரில் வருகிறவர் இணைப்பைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்த பெயரைத் தட்டத்தான் போகிறார்.

ஆந்திரா சித்தூர் — 17 பிப்ரவரி, மதியம் 12.45

இணைப்பு அனுப்பும்போது இருக்கிற இடத்தை அனுப்பிவிடாதீர்கள். என் மச்சான் (மலைமேல் இருந்தவர்தான்) ஒரு விருந்துக்கு வாட்ஸாப்பில் 'தற்போதைய இருப்பிடம்' என்று அழுத்தி அனுப்பினார். எட்டுப் பேர் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் அக்கா அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள்.

கொடுவாயூர் அக்கா — 26 பிப்ரவரி, காலை 7.05

நேற்று எல்லாரும் வந்தார்கள். கார் நேராக வந்தது. அத்தை ஒலவக்கோட்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் போனையே நீட்டிவிட்டார், சரியாக வந்தது. சித்தப்பா மட்டும் இணைப்பைத் திறக்கவில்லை. ஸ்டாண்டில் இறங்கி, "போன தடவை உட்கார்ந்த இடம்தானே" என்று பழைய பவனுக்கே போய்விட்டார். ஆனால் அங்கே யாருடனும் உட்காரவில்லை, வாசலிலிருந்து போன் செய்தார். முன்னேற்றம்தான்.

கிளைகளுக்கு ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியுமே சேச்சி" என்றார்.

ஜிபிஎஸ் மாமா — 26 பிப்ரவரி, காலை 7.40

சித்தப்பா செய்ததில் என்ன தப்பு? பழைய பவன் காப்பிதான் நல்லது.

கல்லாப்பெட்டி — 26 பிப்ரவரி, காலை 8.10

மாவு நாலுக்கும் ஒரே இடத்தில் ஆட்டி வண்டியில் போகிறது என்றால் காப்பித்தூள் மட்டும் வேறாகவா இருக்கும்? பாலைப் பொறுத்தது என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன்.

ஜிபிஎஸ் மாமா — 26 பிப்ரவரி, காலை 8.14

வேறுதான். குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கொடுவாயூர் அக்கா — 3 மார்ச், இரவு 9.00

நிச்சயதார்த்தம் மே 12, ஞாயிறு. ஓட்டல் எதுவும் இல்லை, கொடுவாயூரில் எங்கள் வீட்டிலேயே. வீட்டுக்குக் கிளை கிடையாது என்பதால் இந்த இழையை இத்துடன் விடுகிறேன்.

டெலிவரி — 3 மார்ச், இரவு 9.20

அக்கா, அத்தை திருப்பூர் என்றுதானே சொன்னீர்கள்? திருப்பூர் பக்கத்தில் கொடுவாய் என்று ஒரு ஊர் இருக்கிறது.

கொடுவாயூர் அக்கா — 3 மார்ச், இரவு 9.22

இப்போதே போன் போடுகிறேன்.